பட்டை வரைய எத்தனை எண் வேண்டும்?

"மாநில வாரியாகச் சாலை விபத்துக்கு ஒரு பட்டைப் படம் போட்டுக் கொடுங்கள்." பத்திரிகை அலுவலகத்தில், கல்லூரித் திட்டப்பணியில், ஏதோ ஒரு துறையின் ஆய்வுக் கூட்டத்துக்கு முந்தைய மாலையில் இப்படி ஒரு வேண்டுகோள் வந்துகொண்டே இருக்கும். கேட்பவருக்கு அதில் குறையேதும் தெரியாது. மாநிலம் என்று சொல்லியாயிற்று, விபத்து என்று சொல்லியாயிற்று, பட்டை என்றும் சொல்லியாயிற்று. இன்னும் என்ன வேண்டும்? கணினியைத் திறந்து உட்கார்ந்த பிறகுதான் வரைபவருக்குத் தெரியும், இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரே ஒரு பட்டையைக்கூட வரைய முடியாது என்பது. பட்டைக்கு நீளம் வேண்டும். நீளத்துக்கு ஓர் எண் வேண்டும். எந்த எண் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை.

இன்றைய மென்பொருள்கள் இதையெல்லாம் கேட்பதில்லை. இரண்டு நெடுவரிசைகளில் எதையாவது நிரப்பி ஒரு பொத்தானை அழுத்தினால் வண்ணப் பட்டைகள் வரிசையாக எழுந்து நிற்கும். முதல் நெடுவரிசையில் மாநிலத்தின் பெயரும் இரண்டாவதில் அதன் தலைநகரின் அஞ்சல் குறியீட்டு எண்ணும் இருந்தாலும் படம் வரும். ஆகவே, படம் வருவதற்குக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்பதும், வந்த படத்துக்குப் பொருள் இருக்கக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்பதும் வேறு வேறு கேள்விகள். நம் விஷயம் இரண்டாவது கேள்வி.

அதற்கான விடை, இந்தப் படத்தை முதன்முதலில் வரைந்தவரிடமே இருக்கிறது. வில்லியம் பிளேஃபேர் 1759-இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். இளமையில் நீராவிப் பொறி புகழ் ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராக வேலை பார்த்தவர். 1786-இல் அவர் லண்டனில் வெளியிட்ட வணிக, அரசியல் அட்லஸ் ஒரு விசித்திரமான அட்லஸ்; அதில் நிலப்படமே கிடையாது. இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதி, தேசியக் கடன் முதலியவை ஆண்டுக்கு ஆண்டு எப்படி ஏறி இறங்கின என்பதைக் கோடுகளாக வரைந்து காட்டினார். மொத்தம் 44 படங்கள். அவற்றில் 43 படங்கள் காலத்தைக் கிடைமட்டத்தில் வைத்து வரைந்தவை. மீதி ஒன்றுதான் நம்முடைய பட்டைப் படத்தின் மூதாதை.

அந்த ஒன்று ஏன் மாறியது? ஸ்காட்லாந்தின் வணிகத்தைப் பற்றி அவருக்குக் கிடைத்தது ஒரே ஓர் ஆண்டின் கணக்குதான்: 1780 கிறிஸ்துமஸ் முதல் 1781 கிறிஸ்துமஸ் வரை. ஒரே ஆண்டை வைத்துக்கொண்டு ஏறுவதையும் இறங்குவதையும் காட்ட முடியாது. கோடு வரைய இரண்டு புள்ளியாவது வேண்டும். ஆனால் அந்த ஓராண்டுக் கணக்கு, ஸ்காட்லாந்து எந்தெந்த நாட்டோடு எவ்வளவு வணிகம் செய்தது என்று பிரித்துச் சொன்னது. அயர்லாந்து, ரஷ்யா, அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் என்று 17 பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு பட்டைகளைப் படுக்கை வாட்டில் போட்டார். ஏற்றுமதிக்கு ஒன்று, இறக்குமதிக்கு ஒன்று. அளவுகோல் பவுண்டில். காலம் காட்டாத இந்தப் படம் மற்ற படங்களைவிடப் பயன் குறைந்தது என்றே பிளேஃபேர் கருதினார். தரவுப் பஞ்சத்தில் பிறந்த படம் அது. உலகம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் முதலில் வரையக் கற்கும் படங்களில் ஒன்றாக அதுவே ஆகுமென்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

அவர் கையில் இருந்ததைக் கூட்டிப் பாருங்கள். பெயர்களின் பட்டியல் ஒன்று. ஒவ்வொரு பெயருக்கும் ஒரே வகையில் கணக்கிட்ட ஓர் அளவு. எல்லா அளவுக்கும் ஒரே அலகு. எல்லாவற்றுக்கும் ஒரே காலம், அதுவும் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்ற விவரத்தோடு. நீளம் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பதற்கு ஒரு தொடக்கக் கோடு. 240 ஆண்டுகள் ஆகியும் இந்தக் குறைந்தபட்சம் மாறவில்லை. எண்கள் அதிகம் தேவையில்லை. 17 பெயருக்கு 34 எண்கள் போதுமாக இருந்தன. ஆனால் அந்த எண்களைச் சுற்றி நிற்கும் விவரங்களில் ஒன்று குறைந்தாலும் படம் படுத்துவிடும்.

இப்போது நம் விபத்து வேண்டுகோளுக்கு வருவோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் மாநிலங்களின் காவல் துறைகளிடமிருந்து விவரம் திரட்டி ஓர் அறிக்கை வெளியிடுகிறது. 2022-க்கான அறிக்கைப்படி நாடு முழுவதும் 4,61,312 விபத்துகள். அவற்றில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்து எண்ணிக்கையில் முதல் ஆறு இடங்களில் உள்ள மாநிலங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

| மாநிலம் | விபத்துகள் | இறந்தவர்கள் |
|---|---|---|
| தமிழ்நாடு | 64,105 | 17,884 |
| மத்தியப் பிரதேசம் | 54,432 | 13,427 |
| கேரளம் | 43,910 | 4,317 |
| உத்தரப் பிரதேசம் | 41,746 | 22,595 |
| கர்நாடகம் | 39,762 | 11,702 |
| மகாராஷ்டிரம் | 33,383 | 15,224 |

"சாலை விபத்துக்கு ஒரு படம்" என்ற வேண்டுகோளுக்கு இந்த அட்டவணையின் இரண்டு எண் நெடுவரிசைகளில் எதுவும் விடையாகலாம். முதலாவதை எடுத்தால் தமிழ்நாடு உச்சியில் நிற்கும், கேரளம் மூன்றாவது, உத்தரப் பிரதேசம் நான்காவது. இரண்டாவதை எடுத்தால் உத்தரப் பிரதேசம் உச்சிக்குப் போய்விடும், கேரளத்தின் பட்டை மற்றவற்றின் பக்கத்தில் குட்டையாகிவிடும். இரண்டும் ஒரே அறிக்கை, ஒரே ஆண்டு. இரண்டுக்கும் "சாலை விபத்து 2022" என்று தலைப்பு வைக்கலாம். படத்தைப் பார்க்கிறவர் எந்த மாநிலத்தைப் பற்றி முகம் சுளிப்பார் என்பதை, வரைபவர் யோசிக்காமல் எடுத்த ஒரு நெடுவரிசை முடிவுசெய்துவிடுகிறது.

இங்கே இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. நான் ஆறு மாநிலங்களை விபத்து எண்ணிக்கையை வைத்துத் தேர்ந்தெடுத்தேன். இறப்பை வைத்துத் தேர்ந்தெடுத்திருந்தால் ஆறாவது இடத்தில் 11,104 இறப்புகளோடு ராஜஸ்தான் வந்திருக்கும். கேரளம் பட்டியலிலேயே இருந்திருக்காது. எந்தப் பெயர்கள் படத்தில் நிற்கும் என்பதும் எதை எண்ணுகிறோம் என்பதும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஆகவே "முதல் ஆறு" என்று மட்டும் எழுதினால் போதாது, எதில் முதல் ஆறு என்றும் எழுத வேண்டும். இந்த ஆறு மாநிலங்களைச் சேர்த்தால் நாட்டின் விபத்துகளில் 60 விழுக்காடு. இறப்புகளில் 50 விழுக்காட்டுக்குச் சற்று மேல். மீதியை "மற்றவை" என்று ஒரே பட்டையாகப் போட்டால் அதுதான் படத்திலேயே நீளமான பட்டையாக இருக்கும். போடாமல் விட்டால் பார்ப்பவருக்கு இதுதான் முழு நாடு என்ற எண்ணம் வரும். கீழே ஒரு வரிக் குறிப்பாகச் சொல்லிவிடுவதே நல்லது என்பது என் கட்சி.

கேரளத்தில் 43,910 விபத்துக்கு 4,317 இறப்பு. அதாவது 100 விபத்துக்கு ஏறக்குறைய 10 பேர். உத்தரப் பிரதேசத்தில் 100 விபத்துக்கு 54 பேர். நாட்டின் சராசரி 36-க்குச் சற்று மேல். இந்த இடைவெளியைக் கண்டதும் கேரளத்து மருத்துவமனைகள் ஐந்து மடங்கு மேலானவை என்று எழுத ஆரம்பித்துவிடக் கூடாது. விபத்து என்பது காவல் நிலையத்தில் பதிவான விபத்து. இரண்டு ஸ்கூட்டர்கள் உரசி ஒருவருக்கு முழங்கை சிராய்ந்தது ஒரு மாநிலத்தில் பதிவாகும், இன்னொரு மாநிலத்தில் அங்கேயே பேசி முடித்துவிடுவார்கள். சிறு விபத்துகள் அதிகம் பதிவாகிற இடத்தில் வகுக்கும் எண் பெருத்து, விகிதம் தானாகவே இறங்கும். இறப்பை அப்படி அங்கேயே பேசி முடிக்க முடியாது. பிரேதப் பரிசோதனை வரும், வழக்கு வரும். அதோடு அதற்கு ஒரு திட்டமான வரையறையும் உண்டு: விபத்து நடந்த 30 நாட்களுக்குள் அதன் காரணமாக இறந்தால் அது சாலை விபத்து மரணம். ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டில் இறப்பையே நம்பலாம். வேகமான நெடுஞ்சாலைகள், ஆம்புலன்ஸ் வரும் நேரம் ஆகியவற்றுக்கும் அந்த இடைவெளியில் பங்கு இருக்கலாம். ஆனால் எதற்கு எவ்வளவு பங்கு என்று இந்த அட்டவணை சொல்லாது. அதிலிருந்து பிறக்கும் பட்டையும் சொல்லாது.

சரி, இறப்பு என்று முடிவுசெய்தோம். 22,595 உயரத்தில் உத்தரப் பிரதேசம், 17,884-இல் தமிழ்நாடு. வரைந்துவிடலாமா? அது கேட்டவரின் மனத்தில் என்ன கேள்வி இருந்தது என்பதைப் பொறுத்தது. "ஆம்புலன்ஸ்களை எந்த மாநிலத்துக்கு எத்தனை அனுப்புவது?" என்பது அவர் கேள்வி என்றால் மொத்த எண்ணிக்கையே வேண்டியது. "எந்த மாநிலத்தில் வாழ்பவருக்குச் சாலையில் ஆபத்து அதிகம்?" என்பது கேள்வி என்றால் மொத்த எண்ணிக்கை அதற்கு விடையே ஆகாது. உத்தரப் பிரதேசத்தில் மக்கள் அதிகம். அங்கே எதை எண்ணினாலும் எண் பெரிதாகத்தான் வரும். மொத்த எண்களை அப்படியே நட்டு வரைந்த மாநிலப் படங்கள் பல, உள்ளே என்ன தலைப்பு இருந்தாலும், மக்கள்தொகைப் படங்கள்தான்.

ஆபத்து என்ற கேள்விக்கு இன்னொரு நெடுவரிசை தேவை: வகுக்கும் எண். மாநிலத்தின் மக்கள்தொகையை எடுக்கலாம். கடைசியாக முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இனுடையது. அதன்படி உத்தரப் பிரதேசத்தில் 19.98 கோடிப் பேர், தமிழ்நாட்டில் 7.21 கோடி, மகாராஷ்டிரத்தில் 11.24 கோடி, மத்தியப் பிரதேசத்தில் 7.26 கோடி, கர்நாடகத்தில் 6.11 கோடி, கேரளத்தில் 3.34 கோடி. வகுத்துப் பார்த்தால், ஒரு லட்சம் பேருக்குத் தமிழ்நாட்டில் 24.8 இறப்பு. கர்நாடகம் 19.2, மத்தியப் பிரதேசம் 18.5, மகாராஷ்டிரம் 13.5, கேரளம் 12.9, உத்தரப் பிரதேசம் 11.3. வரிசை தலைகீழாகிவிட்டது. இறப்பு எண்ணிக்கையில் உச்சியில் இருந்த மாநிலம் ஆறில் கடைசி. குட்டைப் பட்டையாக நின்ற கேரளம் அதைத் தாண்டிவிட்டது.

இந்தக் கணக்கில் ஒரு பொருத்தமின்மை இருப்பதை வாசகர் கவனித்திருப்பார். மேலே உள்ள எண் 2022-இன் இறப்பு, கீழே உள்ள எண் 2011-இன் மக்கள். பிளேஃபேரின் "ஒரே காலம்" என்ற நிபந்தனையை மீறிவிட்டோம். இதனால் எவ்வளவு கெட்டுப்போனது என்று ஓரளவு கணிக்க முடியும். 2001-க்கும் 2011-க்கும் இடையில் உத்தரப் பிரதேசத்தின் மக்கள்தொகை 20 விழுக்காடு கூடியது, தமிழ்நாட்டினுடையது 15.6 விழுக்காடு, கேரளத்தினுடையது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. அதற்குப் பிறகும் வடக்கே வேகம் அதிகம் என்பதால் 2022-இன் உண்மையான மக்கள்தொகையைப் போட்டு வகுத்தால் உத்தரப் பிரதேசத்தின் 11.3 இன்னும் இறங்கும், கேரளத்தின் 12.9 சற்றுதான் அசையும். அதாவது பழைய எண்ணைப் பயன்படுத்தியதால் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் குறைவாகத் தெரிகிறதே தவிர வரிசை மாறவில்லை. இப்படித் திசையைச் சொல்ல முடிகிறபோது படத்தை வரையலாம், அடிக்குறிப்பில் ஆண்டுகளை வெளிப்படையாக எழுதிவிட்டு. திசையே தெரியாவிட்டால் வரையாமல் இருப்பது மேல். கணிப்பு மக்கள்தொகை கிடைத்தால் அதையே எடுக்கலாம். ஆனால் அது எண்ணியதல்ல, கணித்தது என்ற சொல் படத்தில் இருக்க வேண்டும்.

மக்கள்தொகைதான் சரியான வகுக்கும் எண் என்றும் இல்லை. சாலையில் போகிறவருக்குத்தானே சாலை ஆபத்து? வாகனங்களால் வகுக்கலாமே என்பார்கள். பதிவான வாகனங்களின் எண்ணிக்கையில், எப்போதோ உடைத்துப் பழைய இரும்பாக விற்ற வண்டிகளும் பதிவேட்டில் உயிரோடு இருக்கும். தமிழ்நாட்டில் பதிவான லாரி ஒடிசாவில் ஓடும். ஓடிய மொத்தக் கிலோமீட்டரால் வகுப்பதே இவற்றில் எல்லாம் நேர்மையானது. ஆனால் அந்த எண்ணுக்கு மாநில வாரியாக நம்பத்தக்க அளவீடு வேண்டும், அது லேசில் கிடைக்காது. இங்கேதான் "குறைந்தபட்சம்" என்ற சொல்லுக்குப் பொருள் வருகிறது. மிகச் சிறந்த வகுக்கும் எண் கிடைக்காதபோது கிடைப்பதில் பொருத்தமான ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் பெயரைப் பட்டையின் அச்சிலேயே எழுத வேண்டும். "ஒரு லட்சம் மக்களுக்கு" என்ற மூன்று சொல் இல்லாத 24.8 வெறும் கிறுக்கல்.

நீளத்தின் தொடக்கக் கோட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பட்டையில் கண் படிப்பது நீளத்தை. ஒரு பட்டை இன்னொன்றைப்போல் இருமடங்கு நீளம் என்றால் அளவும் இருமடங்கு என்று மூளை தானாக எடுத்துக்கொள்ளும். எனவே அச்சு பூச்சியத்தில் தொடங்க வேண்டும். மேலே உள்ள விபத்து நெடுவரிசையையே எடுங்கள்: தமிழ்நாடு 64,105, மகாராஷ்டிரம் 33,383. உண்மையில் இரு மடங்குக்கும் சற்றுக் குறைவு. இடத்தைச் சேமிப்பதற்காக யாரோ அச்சை 30,000-இல் தொடங்கிவிட்டால் ஒரு பட்டைக்கு 34,105 அளவு நீளம் மிஞ்சும், மற்றதற்கு 3,383 அளவு. பார்ப்பவருக்குத் தமிழ்நாடு பத்து மடங்காகத் தெரியும். எண்கள் எல்லாம் சரி, படம் பொய்.

இதிலிருந்து தரவைப் பற்றிய ஒரு நிபந்தனையும் வருகிறது. பூச்சியம் என்றால் "ஒன்றுமில்லை" என்று பொருள்படும் அளவுகளுக்குத்தான் பட்டை பொருந்தும்: விபத்து, ரூபாய், மழை மில்லிமீட்டர். செல்சியஸ் வெப்பநிலைக்கு அது பொருந்தாது. சென்னையில் 30 டிகிரி, உதகமண்டலத்தில் 15 டிகிரி என்று பட்டை போட்டால் சென்னை இருமடங்கு சூடு என்று சொன்னதாகிவிடும். செல்சியஸின் பூச்சியம் தண்ணீர் உறையும் இடமே தவிர வெப்பமே இல்லாத இடமல்ல. ஃபாரன்ஹீட்டில் அதே இரண்டு ஊர்களும் 86, 59 ஆகிவிடும். இருமடங்கு காணாமல் போகும். அலகை மாற்றினால் விகிதம் மாறுகிற அளவைப் பட்டையாக வரையக் கூடாது. புள்ளியாக வைத்துவிட்டுப் போகலாம்.

வெற்றுக் கட்டம்தான் எனக்குத் தெரிந்து அதிகம் ஏமாற்றுவது. அட்டவணையில் ஒரு மாநிலத்தின் எதிரே எண் இல்லை என்றால் மென்பொருள் அங்கே பட்டை போடாது. எண் பூச்சியமாக இருந்தாலும் பட்டை போடாது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்: "இங்கே ஒன்றும் நடக்கவில்லை." தகவல் வரவில்லை என்பதும் சம்பவம் நடக்கவில்லை என்பதும் எதிரெதிர் செய்திகள். சில சமயம் நிலைமை இன்னும் நுட்பமானது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2019 குற்ற அறிக்கையில் மேற்கு வங்கத்துக்கு எண் இருந்தது. ஆனால் அந்த மாநிலத்தின் விவரம் உரிய நேரத்தில் வராததால் 2018-இன் எண்ணே அங்கே வைக்கப்பட்டிருந்தது. காப்பகம் அதை அடிக்குறிப்பில் சொல்லியிருந்தது. அட்டவணையை நகலெடுத்துப் படம் போட்டவர்கள் அடிக்குறிப்பையும் நகலெடுத்தார்களா என்பது வேறு கதை. அந்தப் பட்டைக்கு மட்டும் வேறு நிறமோ கோடிட்ட நிரப்பலோ கொடுத்திருந்தால் போதும். 1786-இலேயே பிளேஃபேர் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் பிரித்துக் காட்ட நிரப்பலை மாற்றித்தான் வரைந்தார்.

பெயர்களும் நிலையானவை அல்ல. 2013-இல் "ஆந்திரப் பிரதேசம்" என்ற பட்டையும் 2015-இல் அதே பெயர் கொண்ட பட்டையும் ஒரே இடத்தைக் குறிப்பவை அல்ல. நடுவில், 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிரிந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆந்திரத்தில் விபத்து திடீரென்று சரிந்ததாகத் தெரியும். ஏதோ திட்டம் வெற்றிபெற்றுவிட்டது என்று அதற்கு விளக்கம் எழுதவும் ஆள் கிடைப்பார்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் படம் பொருளற்றுப் போகும் ஓர் இடம் உண்டு. எண்கள் மிகச் சிறியவையாக இருக்கும் இடம். மாநிலப் படத்தைப் பார்த்தவர், "இதையே எங்கள் மாவட்டத்தின் ஒன்றியங்களுக்குப் போட்டுத் தாருங்கள்" என்று கேட்பார். ஓர் ஒன்றியத்தில் ஓராண்டு 4 பேர் இறந்தார்கள், இன்னொன்றில் 9 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பட்டை முதலாவதைப்போல் இருமடங்குக்கு மேல் நீளம். ஆனால் தற்செயலாக நிகழும் சம்பவங்களை எண்ணும்போது, அந்த எண்ணிக்கை ஏறக்குறைய தன் வர்க்கமூலம் அளவுக்குச் சும்மாவே முன்பின் ஆடும் என்பது புள்ளியியலில் பழைய உண்மை. 4-க்கு ஆட்டம் 2, 9-க்கு ஆட்டம் 3. இவ்வளவு ஆட்டமுள்ள இரண்டு எண்களுக்கு இடையே 5 வித்தியாசம் வருவது அதிசயமில்லை. அடுத்த ஆண்டு இரண்டும் இடம் மாறினாலும் மாறும். தமிழ்நாட்டின் 17,884-க்கு அந்த ஆட்டம் 134 மட்டுமே. ஒரு விழுக்காடுகூட இல்லை. பட்டையின் விளிம்புக் கோட்டின் தடிமனுக்குள் அது மறைந்துவிடும். நடைமுறையில் விபத்து மரணங்களின் ஆட்டம் வர்க்கமூலத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்தால் ஒரே நாளில் பத்துப் பேர் சேர்ந்து போய்விடுகிறார்கள், அந்த ஒன்றியத்தின் பட்டை அந்த ஒரு நாளால் மட்டும் நிமிர்ந்து நிற்கும்.

எண்ணிக்கை போய் விழுக்காடு வந்தால் இந்தச் சிக்கல் முழுவதுமாக மறைந்துகொள்ளும். "60 விழுக்காட்டினர் தலைக்கவசம் அணிகிறார்கள்" என்று ஒரு பட்டை நிற்கிறது. எத்தனை பேரைக் கேட்டார்கள்? 20 பேர் என்றால் அந்த 60 என்பது 12 பேர். குலுக்கல் முறையில் ஒழுங்காகத் தேர்ந்தெடுத்த 20 பேராகவே இருந்தாலும் உண்மை மதிப்பு ஏறக்குறைய 40-க்கும் 80-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். பக்கத்துப் பட்டை 45 என்று நின்றால் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா என்று சொல்லவே முடியாது. ஆகையால் விழுக்காட்டுக்கோ சராசரிக்கோ பட்டை கேட்பவர், அதற்குப் பின்னால் எத்தனை பேர் என்ற எண்ணையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அது வரவில்லை என்றால் பட்டைக்கு ஒரே நீளம் இருக்க நியாயமில்லை.

ஒன்றியங்களுக்கு என்ன செய்வது? ஐந்தாண்டு எண்ணிக்கையைக் கூட்டலாம், அல்லது பக்கத்து ஒன்றியங்களைச் சேர்த்துக் கோட்டமாக்கலாம். இரண்டிலும் எதையோ இழக்கிறோம்: ஒன்றில் காலத்தின் நுணுக்கம், மற்றதில் இடத்தின் நுணுக்கம். எதை இழப்பது என்பதைக் கேட்டவர்தான் சொல்ல வேண்டும். வரைபவர் தனக்குத் தோன்றியபடி முடிவுசெய்துவிட்டு மௌனமாக இருந்தால் படத்துக்குள் ஒரு ரகசியம் புகுந்துவிடும்.

வந்த எண்களில் பிழை உண்டா என்று பார்க்க ஓர் எளிய வழி, கூட்டிப் பார்ப்பது. எல்லா மாநிலங்கள், ஒன்றியப் பிரதேசங்களின் 2022 இறப்புகளைக் கூட்டினால் 1,68,491 வர வேண்டும். குறைந்தால் ஏதோ ஒரு வரிசை விட்டுப்போயிருக்கிறது. கூடினால் "மொத்தம்" என்ற வரிசையே ஒரு மாநிலமாக உள்ளே நுழைந்திருக்கிறது. பின்னது வேடிக்கைபோலத் தோன்றும். அப்படி ஒரு ராட்சசப் பட்டை மேலே எழும்பி மற்றவை எல்லாம் புல்போலத் தரையோடு ஒட்டிக் கிடக்கும் படங்கள் அச்சேறியும் இருக்கின்றன.

இத்தனையும் பார்த்தபின் அந்த முதல் வேண்டுகோளைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் நான்கு வரி போதும். இறப்பா, விபத்தா? மொத்தமா, மக்கள்தொகைக்கு இவ்வளவு என்றா? எந்த ஆண்டு? எல்லா மாநிலமுமா, சிலவா, சில என்றால் எதை வைத்துத் தேர்வு? இவற்றுக்கு விடை வந்துவிட்டால் தரவு தேட அரை மணி, வரையப் பத்து நிமிடம். பல நேரங்களில் விடை வேறு மாதிரி வரும்: "எனக்குத் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் ஒப்பிட்டால் போதும்." அப்படியென்றால் படமே வேண்டாம். 2022-இல் ஒரு லட்சம் பேருக்குத் தமிழ்நாட்டில் சுமார் 25 பேரும் கேரளத்தில் சுமார் 13 பேரும் சாலையில் இறந்தார்கள், மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி என்று ஒரு வாக்கியமாக எழுதிக் கொடுத்துவிடலாம்.